எழுதியபடி என்ற கட்டம்

தப்பாக எழுதியதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பேன். குரும்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பல வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பள்ளியில் பிள்ளைகள் குறைந்து என் வேலையும் போன பிறகு, பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கும் சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். கையால் எழுதிய தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுப்பது அங்கே வேலை. அலுவலகத்தை நடத்துபவர் என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எனக்கு அவர் சார், அவருக்கு நான் டீச்சர். அங்கே ஒரு ஏசி உண்டு. அது கம்ப்யூட்டருக்காக, நமக்காக இல்லை என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

போன கோடையில் ஒரு புது வேலை வந்தது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பு என்ன செய்கிறது என்று வெளியூர்க் கல்லூரி ஒன்று அரியலூர், பெரம்பலூர் கிராமங்களில் விசாரித்துக்கொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத ஊருக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். வயது, வேலை எல்லாம் டிக் அடிக்கிற கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நாலு வரி இடம் விட்டிருந்தது: வெயிலில் நிற்கும்போது உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். அதையும் தமிழ் எழுத்தில் எழுதக் கூடாது. கல்லூரியில் அதை ஆராய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராதாம். அதனால் போனில் மெசேஜ் அனுப்புகிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதச் சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டபோதே எனக்கு வயிறு எரிந்தது.

தாள்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள். திரையில் இடது பக்கம் அந்தக் கையெழுத்து, வலது பக்கம் இரண்டு கட்டம். முதல் கட்டத்தின் பெயர் 'எழுதியபடி'. தாளில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை ஒன்று விடாமல் அப்படியே அடிக்க வேண்டும். தப்பு என்று தெரிந்தாலும் தொடக் கூடாது. புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட வேண்டும். இரண்டாவது கட்டத்தின் பெயர் 'பொது'. ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள் அல்லவா, அதை அங்கே ஒரே விதமாக ஆக்க வேண்டும். அப்போதுதான் எந்தச் சொல் எத்தனை பேர் வாயில் வந்தது என்று கம்ப்யூட்டரால் எண்ண முடியும். அந்தப் பொது எழுத்தைத் தீர்மானிக்கிற பொறுப்பைச் சார் என்னிடம் கொடுத்தார். தமிழ் டீச்சர் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்!

துணைக்கு லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற என் சக ஊழியை உட்கார்ந்தாள். அவள் போனில் தமிழை இங்கிலீஷில்தான் அடிப்பாள், அதனால் அந்தக் கலையில் அவள் எனக்கு மேல். ஒரு வாரம் நாங்கள் சண்டை போட்டுப் பட்டியல் தயாரித்தோம். 'வருது' என்கிற ஒரு சொல்லை varuthu, varudhu, varudu, varthu என்று நாலு விதமாக எழுதியிருந்தார்கள். தகரத்துக்கு th என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் 'சுத்துது' suththuthu ஆகும். அவள் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"பல்லு போனவங்க பேசுற மாரி இருக்குது டீச்சர்."

சரி, இரட்டித்தால் tth என்று மாற்றினோம். நெடிலுக்கு எழுத்தை இரண்டாகப் போடுவது என்று முடிவானது. இல்லாவிட்டால் கால் வலிக்கிறது என்பதும் கல் வலிக்கிறது என்பதும் ஒன்றாகிவிடும். ழகரத்துக்கு zh. லகரத்தையும் ளகரத்தையும் பிரிக்க வழியில்லை, இரண்டுக்கும் l தான். அந்த இடத்தில் மட்டும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏதோ வீட்டில் பெரிய சாவு விழுந்த மாதிரி அவள் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தாள்.

கல்லூரி அனுப்பிய குறிப்பில் ஒரு விதி தெளிவாக இருந்தது. பேச்சு பேச்சாகவே இருக்கட்டும், எழுத்துக்கூட்டு மட்டும் ஒன்றாகட்டும். அதாவது 'தல' என்று சொல்லியிருந்தால் thala என்றே போட வேண்டும், thalai என்று திருத்தக் கூடாது. நான் அதைப் படித்தேன், தலையை ஆட்டினேன். இரண்டு நாள் கடைப்பிடிக்கவும் செய்தேன்.

அப்புறம்தான் விக்கிரமங்கலம் பக்கத்துத் தாள்கட்டு வந்தது. அதை எழுதிய பெண்ணை எனக்குத் தெரியாது, அவள் கையெழுத்தை மட்டும் தெரியும். அந்த மாதிரி எழுத்தை என் ஆசிரிய வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. u எது v எது n எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவாள். மேலே thala suthuthu என்றிருக்கும், கீழே thalai sutharudhu என்றிருக்கும், நடுவில் talaya suthikittu varudu. நான் வாய்விட்டே திட்டினேன்.

"ஒரு வார்த்தைய ஒரு பக்கத்துலயாவது ஒரே மாதிரி எழுதக் கூடாதா இவ? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பா?"

திட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் கட்டத்தில் அந்தத் தப்புகளை என் விரலாலேயே அடிப்பது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் முதலில் 'பொது' கட்டத்தை அழகாக நிரப்பிவிட்டு, அதையே நகல் எடுத்து 'எழுதியபடி' கட்டத்திலும் போட்டுவிட்டேன். வேலையும் சீக்கிரம் முடிந்தது. அடுத்தடுத்த பக்கங்களில் 'பொது' கட்டத்திலும் கை நீண்டது. thala என்பதை thalai ஆக்கினேன். sutthuthu என்பதை sutrugirathu ஆக்கினேன். 'கிறுகிறுங்குது' என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். 'கண்ணு கட்டிக்கிட்டு வருது' என்று இன்னொருத்தி. 'ஆள அப்படியே தூக்குது' என்று வேறொருத்தி. எல்லாம் ஒன்றுதானே என்று எல்லாவற்றுக்கும் 'தலை சுற்றுகிறது' என்று போட்டேன். சொல்லுக்கு ஒரு எழுத்து என்று ஆரம்பித்த வேலை, நோவுக்கு ஒரு சொல் என்று ஆகிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. கட்டு முடிந்தபோது வீடு கூட்டி மெழுகியது போல நிறைவாகத்தான் இருந்தது. என் பக்கங்களைச் சரிபார்க்கவும் ஆள் கிடையாது. சரிபார்க்கிற ஆளே நான்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சார் என் மேசைக்கு வந்து, கல்லூரியிலிருந்து வந்த மெயிலைப் படித்துக் காட்டினார். நீங்கள் அடித்து அனுப்பியதைப் பார்த்தால், விக்கிரமங்கலம் பக்கத்தில் எழுதிய பெண்ணின் தாள்களில் கடைசிக் கேள்விக்கான பதில்கள் வீட்டுக்கு வீடு வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கின்றன. ஆட்களைக் கேட்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதியது போலத் தெரிகிறது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறோம். கட்டு முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.

"நெனச்சேன் சார், அந்த எழுத்தப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். மறைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

சார் போன பிறகு, பக்கத்து மேசையிலிருந்து சக ஊழியை தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"டீச்சர், ஒரே மாரி எழுதலன்னுதானே வாரமெல்லாம் அவங்கள திட்டுனீங்க?"

நான் அந்தக் கட்டின் கோப்பைத் திறந்தேன். இடது பக்கம் அவள் கையெழுத்து, கோணல்மாணலாக, வீட்டுக்கு வீடு வேறு வேறாக. வலது பக்கம் இரண்டு கட்டத்திலும் நான் போட்ட thalai sutrugirathu, மேலிருந்து கீழ்வரை, வரிசை பிசகாமல். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதியது யார் என்று கேட்டால், ஏசியில் உட்கார்ந்திருந்த நான்தான்.

உடனே போய்ச் சாரிடம் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் முதல் கட்டத்தைத் திருத்தி, புதுப் பிரதி என்று அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இந்த வயதில் இன்னொரு வேலை எங்கே தேடுவது என்ற பயம்தான். தவிர, பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டே பழகிய கை, தன் பெயருக்கு நேராகக் கோடு போட மறுத்தது.

மூன்றாம் நாள் மதியம் அவளே வந்தாள். விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. சாரிடம் தான் யார் என்று சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், என் தாள் எல்லாம் இங்கதான் அடிச்சாங்கன்னு சொன்னாங்க. நான் எழுதுனதா என்ன அடிச்சிருக்குன்னு ஒரு தடவ பாக்கலாமுங்களா?"

"அது காலேஜ் முடிவு பண்ற விஷயம்மா. நாங்க வந்தத அடிச்சுக் குடுக்குறவங்க" என்றார் சார்.

"முடிவு பண்ணட்டும் சார். எனக்கு வேல போனாக்கூடப் பரவால்ல. ஆனா காலேஜ் மேல்பார்வ சார் ஊருக்கே வந்து, நான் எழுதுனதா ஒண்ணப் படிச்சுக் காட்டி, 'நீங்க இப்டித்தான் சொன்னீங்களா'ன்னு வூடு வூடாக் கேட்டிருக்காரு. அவங்க இல்லன்னுட்டாங்க. இப்ப அந்தத் தெருவுல ஒருத்தரும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. 'எங்க வாயக் கிளறிட்டு ஒன் இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டியா'ன்னு கேக்குறாங்க. மொதல்ல அந்த வூடுகள்ல என்னைய வாசப்படி ஏறவே வுடலங்க. எங்க தெரு எதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல. நாலு தரம் போயி நின்னுதான் பேச வச்சேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையிலிருந்து சில தாள்களை எடுத்தாள். அவள் வைத்திருந்த நகல்.

"எனக்கு ஸ்பெல்லிங் வராதுங்க. அதுனால யோசிக்காம, அவங்க வாயிலேர்ந்து எப்டி வந்துச்சோ அப்டியே எழுதிட்டேன். ஒரு அம்மா இழுத்து இழுத்துப் பேசுவாங்க, அதுக்கு a நெறயாப் போட்டேன். ஒரு அக்கா வெடுக்குனு பேசும், அதுக்குக் கொறச்சுட்டேன். அது தப்புங்களா?"

சக ஊழியை என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் எழுந்தேன்.

"தப்பு ஒங்க மேல இல்லம்மா. நான் பண்ணுனது" என்றேன்.

அவளைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்துத் திரையைக் காட்டினேன். இது நீங்கள் எழுதியது, இது நான் அடித்தது, இந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதியதை அப்படியே அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை, என்று வரி வரியாகச் சொன்னேன். சார் எனக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள்.

"எல்லாமே தல சுத்துதுன்னு போட்டுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"கிறுகிறுங்குதுன்னு சொன்னது முந்திரி பொறுக்கப் போறவங்க. அவங்களுக்குத் தல சுத்தாது. காதுக்குள்ளதான் வண்டு போறாப்ல இருக்கும்னு சொன்னாங்க. அதையுந்தான் எழுதியிருந்தேன்."

எழுதித்தான் இருந்தாள். அந்த வரியை நான் தேவையற்றது என்று விட்டிருந்தேன்.

அவள் போன பிறகு சார் சொன்னார், "டீச்சர், இத எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்."

"தனியாச் சொல்லணும்னுதான் சார் ரெண்டு நாளா நெனச்சேன். சொல்லலையே."

அவருக்குக் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். இந்த வேலை கைவிட்டுப் போனால் அலுவலகத்தில் நாலு பேருக்கு வேலை இருக்காது. ஆனால் அன்று சாயங்காலமே கல்லூரிக்கு மெயில் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'தட்டச்சில் ஏற்பட்ட பிழை' என்று அவர் எழுதினார். 'எங்கள் அலுவலகத்தின் சரிபார்ப்பாளர் விதியை மீறியதால் ஏற்பட்ட பிழை' என்று மாற்றச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாற்றினார்.

கட்டு முழுவதையும் மறுபடி நானே அடித்தேன். இந்த முறை முதல் கட்டம் முதலில். அவள் varudu என்று எழுதியிருந்தால் varudu. அடுத்த வரியில் varthu என்றிருந்தால் varthu. புரியாத இடத்தில் கேள்விக்குறி. முதல் நாள் ஒவ்வொரு எழுத்துக்கும் பல்லைக் கடித்தேன். இரண்டாம் நாள் வேறு மாதிரி ஆனது. அவள் சொன்னது நிஜம், இழுத்துப் பேசுகிற அம்மா யார் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. கட்டில் அந்த அம்மாவின் தாள் வந்தபோது பெயரைப் பார்க்காமலே கண்டுபிடித்தேன். 'பொது' கட்டத்தில் இப்போது கிறுகிறுங்குது என்பது கிறுகிறுங்குதாகவே நின்றது. பட்டியலில் அதற்கு ஒரு எழுத்துக்கூட்டு மட்டும் தீர்மானித்தோம்: kirukirunguthu. என் பக்கங்களைச் சக ஊழியை சரிபார்த்தாள். ஒரு இடத்தில் நான் தெரியாமல் thalai என்று போட்டிருந்தேன். அவள் அந்த i-ஐ எடுத்துவிட்டாள்.

கல்லூரியிலிருந்து பதில் வந்தது. கட்டை ஏற்றுக்கொண்டார்கள், அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சரிபார்ப்பு வேலையில் என்னை இனி வைக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். சார் அந்த வரியை வாய்விட்டுப் படிக்காமல் என் பக்கம் திரையைத் திருப்பினார்.

நான் அவளுக்குப் போன் பண்ணி வேலை திரும்பக் கிடைத்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"சரிங்க டீச்சர். காலேஜ்லேர்ந்தும் சொன்னாங்க" என்றாள். பிறகு, "காலேஜ் நம்பிடுச்சு. அந்தத் தெருவுல யாரு சொல்லுவா?" என்று கேட்டாள்.

கேட்டது என்னை வரச் சொல்லி அல்ல. அவளுக்கே கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அந்தத் தெருவில் முதல் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஓட்டு வீடு, முன்னால் இரும்புக் கதவு. கதவுக்கு உள்பக்கம் ஒரு அம்மா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியில் நின்றபடியே யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"இந்தப் பொண்ணு நீங்க சொன்னத ஒரு எழுத்துகூட மாத்தலம்மா. மாத்துனது நான்."

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் சொன்னதுன்னு அது என்னதான் எழுதியிருக்கு? படி பாப்போம்."

அவருடைய தாளின் நகல் அவளிடம் இருந்தது. கதவுக் கம்பிகளுக்குப் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி நான்தான் படித்தேன். அவள் எழுதியபடி, a எத்தனை இருந்ததோ அத்தனை இழுத்து, குறைத்த இடத்தில் குறைத்துப் படித்தேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. முடித்ததும் அந்த அம்மா வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஆமா" என்றார். "நானேதான் அது."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமாகக் கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"நல்லாத்தானே எழுதியிருக்கு? இத மாத்தச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் மாத்துனேன்."

அவர் தலையை ஆட்டினார். இரும்புக் கதவின் தாழ்ப்பாளை எடுத்து, எனக்குப் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தார்.

"நீ வா ஆயி உள்ள. வெயில்ல நிக்காத."

அவள் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே படியேறினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வீட்டுக்கும் போக வேண்டியிருந்ததால், அவள் வெளியே வரும்வரை நான் அந்த வாசலில் நின்றேன்.